எந்த வீதத்தில் எழுதுவது? தவணைக்கு வாங்கிய சரக்கும் நாணயமாற்று நட்டமும்

வெளிநாட்டு விலைச்சிட்டை ஒன்றைக் கடனுக்கு ஏற்கும் இறக்குமதியாளர், கணக்கின்படி இரண்டு காரியங்களைச் செய்கிறார்: சரக்கு வாங்குகிறார், டொலரில் கடன் வைத்திருக்கிறார். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 21 இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. சரக்கின் கொள்விலை வாங்கிய நாளின் வீதத்தில் உறைந்துவிடும். கடன் மட்டும் ஆண்டிறுதியிலும் செலுத்தும் நாளிலும் புதிய வீதத்துக்கு மாற்றப்படும். வேறுபாடு இலாப நட்டக் கணக்குக்குச் செல்லும். இந்தப் பிரிப்பு சரியானது என்பதே என் கருத்து. 2022ஆம் ஆண்டு இலங்கையில் பிழைத்தது பிரிப்பு அல்ல, முதல் பதிவுக்கு எடுத்த வீதம்.

2021 செப்டெம்பர் முதல் டொலரின் வீதம் ஏறக்குறைய 200 ரூபாவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7இல் மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. சில வாரங்களில் வீதம் 300ஐத் தொட்டது. மே மாதத்தில் 360 அளவில் நின்றது. மார்ச் 31இல் கணக்கு முடிக்கும் கொழும்பு வணிகர் ஒருவரைக் கற்பனை செய்து, இந்த வீதங்களை முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். அவர் 10,000 டொலர் சரக்கைத் தவணைக்கு வாங்குகிறார். விலைச்சிட்டையில் ஜனவரித் தேதி; ஆனால் சரக்கின் கட்டுப்பாடு அவர் கைக்கு வந்தது பெப்ரவரி தொடக்கத்தில், கப்பலேறியபோது. பதிவுக்குரிய நாள் இதுவே. விலைச்சிட்டையின் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது அடிக்கடி காணும் பிழை.

200 வீதத்தில் சரக்கு 20 இலட்சம், கடனும் 20 இலட்சம். பாதிச் சரக்கைப் பெப்ரவரியிலேயே 12.5 இலட்சத்துக்கு விற்று, 2.5 இலட்சம் இலாபம் காட்டுகிறார். மார்ச் 31இல் கடன் 30 இலட்சமாகிறது. 10 இலட்சம் நட்டம். ஆக, அந்த ஆண்டின் விளைவு 7.5 இலட்சம் நட்டம். மே மாதத்தில் 36 இலட்சம் செலுத்துகிறார். மேலும் 6 இலட்சம் நட்டம். ஆனால் மீதிச் சரக்கு 22 இலட்சத்துக்குப் போகிறது. அதன் கொள்விலை வெறும் 10 இலட்சம் என்பதால் இலாபம் 12 இலட்சம். இரண்டாம் ஆண்டில் நிகரமாக 6 இலட்சம் இலாபம். இரு ஆண்டும் சேர்ந்தால் 1.5 இலட்சம் நட்டம். முதலாண்டில் முழுகியவர் போலவும் மறு ஆண்டில் செழித்தவர் போலவும் தெரிந்தாலும், நடந்தது ஒரே வியாபாரம்தான்.

இதற்குப் பழைய மருந்து ஒன்று இருந்தது. சர்வதேச நியமம் 21இன் 1993ஆம் ஆண்டு வடிவம், தற்காத்துக்கொள்ள வழியில்லாத கடும் மதிப்பிறக்கத்தில், அண்மையில் வாங்கிய சொத்தின் மீதான கடனில் எழும் நட்டத்தை அச்சொத்தின் விலையோடு சேர்க்க விட்டது. 2003 திருத்தம் அதை நீக்கியது. நம் வணிகருக்கு அந்தச் சலுகை இருந்திருந்தால், விற்காத பாதிக்குரிய 5 இலட்சம் மார்ச் மாதத்தில் சரக்கின் மீது ஏறியிருக்கும். முதலாண்டு நட்டம் 2.5 இலட்சமாகச் சுருங்கியிருக்கும். அதை மீட்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. கடனைத் தாமதமாகக் கட்டியதன் விளைவைச் சரக்கின் விலைக்குள் புதைத்தால், உரிய நேரத்தில் டொலர் வாங்கியவருக்கும் காத்திருந்தவருக்கும் ஒரே சரக்கு வேறு வேறு விலையாகிவிடும்.

கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. நியமம் கேட்பது உடனடி வீதம். அதாவது, உடனே கைக்குக் கிடைக்கும் டொலரின் வீதம். பெப்ரவரியில் வங்கிக்குப் போனால் 200க்கு டொலர் கிடைத்ததா? பல இறக்குமதியாளருக்குக் கிடைக்கவில்லை. அப்போது நடைமுறையிலிருந்த நியமத்தின் 26ஆம் பத்தியே, மாற்றும் வழி தற்காலிகமாக அடைபட்டால் பின்னர் முதன்முதலாக மாற்றக்கூடிய வீதத்தைப் பயன்படுத்தச் சொன்னது. அந்த வாசகம் கடன் நிலுவைகளைப் பற்றியதே, வாங்கும் நாளின் பதிவுக்கு அதை நீட்டலாமா என்று மறுக்கலாம். நீட்டலாம் என்பதற்கு உடனடி வீதத்தின் வரைவிலக்கணமே போதும்: கிடைக்காத டொலருக்கு உடனடி வீதம் இல்லை.

மார்ச் மாதத்தில் வங்கி முதன்முதலாக நம் வணிகருக்கு 260இல் டொலர் தர முன்வந்தது என்று கொள்வோம். சரக்கு 26 இலட்சத்துக்குப் பதிவாகிறது. மார்ச் இறுதியில் நாணயமாற்று நட்டம் 4 இலட்சம் மட்டுமே. பெப்ரவரி விற்பனையோ 2.5 இலட்சம் இலாபமாக இல்லாமல் அரை இலட்சம் நட்டமாகத் தெரிகிறது. மொத்தம் அதே 1.5 இலட்சம் நட்டம்தான். ஆனால் சரக்கை விலை குறைத்து விற்றதில் எவ்வளவு போயிற்று, கடனைச் சுமந்ததில் எவ்வளவு போயிற்று என்பது இப்போது தனித்தனியே தெரிகிறது. 200இல் எழுதிய கணக்கு முதல் பங்கையும் நாணயமாற்று நட்டம் என்ற பெயரில் காட்டிவிட்டது.

இந்தப் பிந்திய வீதத்தை எல்லோரும் கோர முடியாது. அதே மாதத்தில் 200 அளவில் வங்கியிடம் டொலர் பெற்றவருக்கு 200தான் வீதம். மற்றவரிடம் கணக்காய்வாளர் கேட்கவேண்டியது வங்கிக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் தேதி, வங்கியின் மறுமொழி, கடைசியில் டொலர் விற்கப்பட்ட நாள் ஆகியவற்றை. 2023 ஓகஸ்டில் வெளிவந்து 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசத் திருத்தம், மாற்ற முடியாத நாணயத்துக்கு வீதத்தை மதிப்பிட்டு, மதிப்பிட்ட முறையையும் வெளியிடச் சொல்கிறது. பின்வரும் முதல் வீதம் பற்றிய பழைய வாசகமும் அதில் போய்விட்டது. இனி இத்தகைய வணிகர் தம் முதல் பதிவின் வீதத்துக்குக் காரணம் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.