பெர்சென்டைல்

நூற்றைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரான்சிஸ் கால்டன் 1885-இல் புள்ளியியலுக்குத் தந்த சொல்; தமிழ்ப் பாடநூல்களில் நூற்றுமானம். ஜே.இ.இ. மெயின் மதிப்பெண் அட்டையில் 98 என்றிருந்தால் அது நூற்றுக்கு 98 மதிப்பெண் அன்று. நீங்கள் எழுதிய ஷிப்டில் 50,000 பேர் எழுதினார்கள் என்றால், உங்களையும் சேர்த்து 49,000 பேர் உங்கள் மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ எடுத்தார்கள் என்று பொருள். வினாத்தாள் கடினமான ஷிப்டில் 140 எடுத்தவரும் எளிதான ஷிப்டில் 170 எடுத்தவரும் ஒரே 98-இல் நிற்கலாம். இதுதான் நார்மலைசேஷன். 140-க்குச் சலுகையா என்று கேட்பவர்கள் உண்டு. மாணவர்கள் ஷிப்டுகளுக்குக் கலந்து பிரிக்கப்படுவதால், திறமையும் எல்லா ஷிப்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே பரவியிருக்கும் என்பதே இதன் அடிப்படை. ஒரு ஷிப்டில் எழுதியவர்கள் மிகக் குறைவு என்றால் அந்த அடிப்படை தளரும். அந்தக் குறை உண்மையானது. கவுன்சலிங்கிலோ பெர்சென்டைலைப் பார்ப்பதில்லை, அதிலிருந்து வரும் ரேங்க்தான் கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாடப்பிரிவில் கடைசி இடம் பெற்றவரின் ரேங்க்கே அச்சுற்றின் கட்ஆஃப். அட்வான்ஸ்டு தேர்வெழுதத் தகுதி தரும் பெர்சென்டைல் கட்ஆஃப் வேறு. அதைத் தாண்டியதால் மட்டும் கல்லூரியில் இடம் கிடைத்துவிடாது.