தோள்மூட்டின் ஸ்லாப் கிழிசல்

ஸ்லாப் கிழிசல் என்பது தோள்மூட்டுக் குழியின் விளிம்பைச் சுற்றியிருக்கும் லேப்ரம் என்ற வளையத்தின் மேற்பகுதியில் ஏற்படும் காயம். பைசெப்ஸ் தசையின் நீண்ட தசைநாண் வேர்கொண்டிருப்பதும் அதே இடத்தில்தான் என்பதால், பல நேரங்களில் அந்த வேரும் சேர்ந்து தளர்ந்துவிடுகிறது. பந்தெறியும் விளையாட்டு வீரர்களிடம் மேல் லேப்ரம் கிழிவதை அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்ட்ரூசும் உடன் பணியாற்றியவர்களும் 1985-இல் விவரித்தனர். 1990-இல் ஸ்டீபன் ஸ்னைடர் குழுவினர் இதற்கு ஸ்லாப் என்று பெயரிட்டு நான்கு வகைகளாகப் பிரித்தனர்.

அமைப்பு

தோளின் பந்து பெரியது, அது அமரும் குழி ஆழமற்றது. சிறு தட்டின் மேல் பந்தை நிறுத்தியது போன்ற இந்த அமைப்புக்கு, தட்டின் விளிம்பை உயர்த்திக் கொடுப்பது லேப்ரம். இது நாரும் குருத்தெலும்பும் கலந்த திசுவால் ஆனது. குழியைக் கடிகார முகமாகக் கொண்டால் 12 மணி இடத்தில் பைசெப்ஸ் நீண்ட தசைநாண் தொடங்குகிறது. அதன் இழைகளில் ஒரு பகுதி குழிக்கு மேலுள்ள எலும்பு மேட்டிலும் மறுபகுதி லேப்ரத்திலும் பிணைந்திருக்கும்.

கீழ்ப்பகுதி லேப்ரம் எலும்போடு இறுக ஒட்டியிருக்கும். மேல்பகுதி பலருக்கு இயல்பிலேயே சற்றுத் தளர்வாக இருக்கும். அதற்கு அடியில் சிறு பள்ளமோ, முன்பக்கத்தில் ஒரு துளையோ இருப்பது பிறவி அமைப்பு; நோயல்ல. சிலருக்கு முன்-மேல் லேப்ரமே இராது. அதற்குப் பதில் நடுத் தசைநார் கயிறுபோலத் தடித்திருக்கும். இதற்கு பியூஃபர்ட் அமைப்பு என்று பெயர். இவற்றைக் கிழிசல் என்று தவறாகக் கருதித் தைத்துவிட்டால் கையை வெளிப்புறமாகச் சுழற்ற முடியாமல் போகும்.

காரணங்கள்

கிழிசல் மூன்று வழிகளில் நேர்கிறது. நீட்டிய கையை ஊன்றி விழும்போது பந்து மேல்நோக்கி அழுத்தப்பட்டு லேப்ரத்தைக் கிழிக்கலாம். விழும்போது எதையாவது பற்றித் தொங்குவது போன்ற திடீர் இழுப்பில் பைசெப்ஸ் தன் வேரைப் பறித்துவிடலாம். மூன்றாவது, தலைக்கு மேல் கையைச் சுழற்றி எறிபவர்களுக்கு வருவது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தி முழுமையாக வெளிப்புறம் சுழற்றும் கட்டத்தில் பைசெப்ஸ் தசைநாண் பின்னோக்கி முறுக்கப்பட்டு, தன் வேரோடு பின்-மேல் லேப்ரத்தை எலும்பிலிருந்து உரித்தெடுக்கிறது. இந்த உரிதலை ஸ்டீபன் பர்க்ஹார்ட்டும் கிரெய்க் மார்கனும் 1998-இல் விளக்கினர்.

இவை தவிர, வயதாகும்போது மேல் லேப்ரம் தானாகவே தேய்ந்து பிரிகிறது. தோள் வலியே இல்லாத 45 முதல் 60 வயது வரையுள்ள 53 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2016-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பாதிக்கு மேற்பட்டோரின் படத்தில் மேல் லேப்ரக் கிழிசல் காணப்பட்டது. நடுவயதில் படத்தில் தெரியும் கிழிசலை வலிக்குக் காரணமாக உடனே ஏற்கக் கூடாது என்பதற்கு இதுவே அடிப்படை.

வகைகள்

முதல் வகையில் லேப்ரத்தின் ஓரம் நைந்திருக்கும். வேர் உறுதியாக இருக்கும். இரண்டாம் வகையில் மேல் லேப்ரமும் பைசெப்ஸ் வேரும் எலும்பிலிருந்து பிரிந்திருக்கும். மூன்றாம் வகையில் லேப்ரம் வாளியின் கைப்பிடி போலக் கிழிந்து மூட்டுக்குள் தொங்கும், வேர் கெடாது. நான்காம் வகையில் அதே கிழிசல் தசைநாணுக்குள்ளும் நுழைந்திருக்கும். பின்னர் வேறு வகைகளும் சேர்க்கப்பட்டன. சிகிச்சை முடிவில் அதிகக் கருத்து வேறுபாடு இருப்பது இரண்டாம் வகையில்தான்.

அறிகுறிகள்

வலி தோளுக்குள் ஆழத்தில் இருக்கும். நோயாளியால் ஒரே விரலால் இடத்தைச் சுட்ட முடியாது. தலைக்கு மேல் கை தூக்கும்போதும், எறியும்போதும், கனமான பொருளை உடலை விட்டுத் தள்ளிப் பிடிக்கும்போதும் வலி கூடும். சொடுக்குச் சத்தமும் மூட்டு மாட்டிக்கொள்ளும் உணர்வும் வரலாம். எறிபவர்கள் வேகம் குறைந்துவிட்டதை முதலில் உணர்வார்கள். கிழிசல் வழியே மூட்டுத் திரவம் கசிந்து நீர்க்கட்டி உருவாகித் தோள்பட்டை எலும்பின் பின்புற நரம்பை அழுத்தினால், வெளிச்சுழற்சித் தசை மெலிந்து வலுவிழக்கும்.

தூண்டல் சோதனைகள்

வலியைத் திட்டமிட்டு வரவழைத்து அதன் இடத்தைக் கண்டறியும் சோதனைகள் இவை. வலியில்லாத தோளில் முதலில் செய்துகாட்டிய பிறகு வலியுள்ள தோளில் செய்வது நல்லது.

ஓ'பிரையன் சோதனை 1998-இல் வெளியானது. நோயாளி முழங்கையை மடக்காமல் கையை முன்னே 90 பாகை தூக்கி, உடலின் நடுக்கோட்டை நோக்கி 10 முதல் 15 பாகை கொண்டுவருகிறார். கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையைத் திருப்பியிருக்க, மருத்துவர் கையைக் கீழே அழுத்துகிறார்; நோயாளி எதிர்க்கிறார். பிறகு உள்ளங்கையை மேலே திருப்பி அதையே மீண்டும் செய்கிறார்கள். முதல் நிலையில் தோளின் உள்ளே வலித்து, இரண்டாம் நிலையில் வலி குறைந்தால் சோதனை நேர்மறை. வலி தோளின் உச்சியில் வந்தால் காரணம் காறை எலும்பு சேரும் மூட்டாக இருக்கலாம். எங்கே வலித்தது என்று கேட்காமல் விடுவதே இச்சோதனையில் அடிக்கடி நடக்கும் பிழை.

இரண்டாம் பைசெப்ஸ் சுமைச் சோதனையில் நோயாளி மல்லாந்து படுக்கிறார். கையைப் பக்கவாட்டில் 120 பாகை உயர்த்தி, முழுவதும் வெளிப்புறம் சுழற்றி, முழங்கையை 90 பாகை மடக்கி, உள்ளங்கை தன்னைப் பார்க்கும்படி வைத்துக்கொள்கிறார். மருத்துவர் தடுக்க, முழங்கையை மேலும் மடக்க முயல்கிறார். அப்போது வலி எழுந்தாலோ கூடினாலோ பைசெப்ஸ் வேரைச் சந்தேகிக்கலாம். உரிதல் நிகழும் அதே நிலையில் வேரை இழுத்துப் பார்ப்பது இச்சோதனையின் தத்துவம்.

ஸ்பீட் சோதனையில் உள்ளங்கை மேலிருக்க நீட்டிய கையை முன்னே தூக்குவதை மருத்துவர் தடுக்கிறார். மேற்கையின் முன்பக்கப் பள்ளத்தில் வலி வந்தால், சிக்கல் வேரை விடத் தசைநாணிலேயே இருக்க வாய்ப்புண்டு.

ஓ'பிரையன் சோதனையை முதலில் வெளியிட்டவர்கள் கண்ட ஏறக்குறையப் பிழையற்ற துல்லியம் பிறர் செய்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை. சுழல்தசைப் பட்டையின் கிழிசலும், காறை மூட்டின் தேய்மானமும் இதே சோதனைகளை நேர்மறையாக்கும். எனவே ஒரே சோதனையை நம்பாமல் இரண்டு மூன்று சோதனைகளையும், சுழல்தசைகளின் வலுவையும், உட்சுழற்சியின் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எறியும் கையில் உட்சுழற்சி மறுகையை விட 20 பாகைக்கு மேல் குறைந்திருந்தால் பின்புற மூட்டுறை இறுகியிருக்கலாம். அதைப் பயிற்சியால் திருத்த முடியும். ஐயம் நீடித்தால் மூட்டுக்குள் மரப்பூசி போட்டுச் சோதனைகளைத் திரும்பச் செய்யலாம். வலி மறைந்தால் அதன் மூலம் மூட்டுக்குள் இருப்பது உறுதிப்படும்.

படமெடுத்தல்

மூட்டுக்குள் நீர்த்த கடோலினியம் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எம்.ஆர். ஆர்த்ரோகிராம், வெறும் எம்.ஆர்.ஐ.யை விடக் கிழிசலைத் தெளிவாகக் காட்டும். மருந்தின் கோடு சீரான ஓரத்துடன் குழியின் வளைவை ஒட்டி உள்நோக்கிச் சென்றால் அது பெரும்பாலும் இயல்பான பள்ளம். கோடு கரடுமுரடாகி, லேப்ரத்துக்குள் வெளிநோக்கிச் சென்றால் கிழிசல்.

சிகிச்சை

முதல் மூன்று மாதங்கள் பிசியோதெரபி செய்வது பொதுவான வழக்கம். பின்புற மூட்டுறையை நீட்டும் பயிற்சி, தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் தசைகளுக்கும் சுழல்தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி, எறிவதற்கு ஓய்வு ஆகியவை இதில் அடங்கும். நரம்பை அழுத்தும் நீர்க்கட்டி இருந்தால் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆர்த்ரோஸ்கோப்பியில் பின்புறத் துளை வழியே கேமராவும், முன்புறத் துளை வழியே கொக்கி முனையுள்ள கருவியும் நுழைகின்றன. வேரைக் கொக்கியால் தூக்கிப் பார்த்து, கையை எறியும் நிலைக்குக் கொண்டுபோய் லேப்ரம் உரிகிறதா என்றும் கவனிக்கிறார்கள். அடியில் குருத்தெலும்பு சிதைந்திருப்பது உண்மையான கிழிசலின் அடையாளம். வழவழப்பாக இருந்தால் அது இயல்பான பள்ளமாக இருக்கலாம்.

முதல் வகைக்கு நைந்த ஓரத்தைச் சீவிவிடுவது போதும். மூன்றாம் வகையில் தொங்கும் துண்டை நீக்குவார்கள். நான்காம் வகையில் தசைநாண் எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். இரண்டாம் வகைக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, லேப்ரத்தைத் திரும்பப் பொருத்துவது. எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி இரத்தம் கசியச் செய்து, நூல் கோத்த சிறு ஆங்கர்களை விளிம்பில் பதித்து, லேப்ரத்தைக் கட்டுகிறார்கள். ஆங்கர்களைப் பெரும்பாலும் வேருக்குப் பின்னால் வைப்பார்கள்; முன்னால் வைத்து இறுக்கினால் தோள் விறைக்கும். முடிச்சு மூட்டுப் பரப்பில் நின்றால் குருத்தெலும்பை உராயும் என்பதால் முடிச்சில்லாத ஆங்கர்களும் பயன்படுகின்றன.

இரண்டாவது, டெனோடெசிஸ். தசைநாணை வேரில் வெட்டி, மேற்கை எலும்பில் திருகு அல்லது ஆங்கர் கொண்டு பதிப்பது இது. லேப்ரத்தின் மீதான இழுப்பு நின்றுவிடுகிறது. பைசெப்சின் வடிவமும் வலுவும் காக்கப்படுகின்றன. மூன்றாவது, டெனாட்டமி. தசைநாணை வெட்டி அப்படியே விடுவது இது. எளிது என்றாலும் மேற்கையில் தசை உருண்டு திரளலாம், சிலருக்குப் பிடிப்பு வலியும் வரும். ஆகவே முதியவர்களுக்கே பெரிதும் பொருந்தும்.

2009-இல் பிரான்சின் பஸ்கால் புவாலோ குழுவினர் 25 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டனர். லேப்ரம் தைக்கப்பட்ட 10 பேரில் 4 பேரும், டெனோடெசிஸ் செய்துகொண்ட 15 பேரில் 14 பேரும் மனநிறைவு தெரிவித்தனர். சிறிய ஆய்வுதான் என்றாலும் மருத்துவர்களின் தேர்வை அது மாற்றியது. 2017-இல் வெளியான நார்வே ஆய்வு இன்னும் அடிப்படையான கேள்வியை எழுப்பியது. சராசரி வயது சுமார் 40 உள்ள 118 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, லேப்ரம் தைத்தல், டெனோடெசிஸ், கேமரா மட்டும் விட்டுப் பார்த்த போலி அறுவை ஆகியவற்றை ஒப்பிட்டனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில் மூன்று குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு

46 வயது மின்பணியாளர் ஒருவர் ஏணியில் சறுக்கியபோது கம்பியைப் பற்றித் தொங்குகிறார் எனக் கொள்வோம். அதன்பின் தலைக்கு மேல் வேலை செய்தால் தோளின் உள்ளே வலி. ஓ'பிரையன், பைசெப்ஸ் சுமை ஆகிய இரு சோதனைகளும் நேர்மறை. காறை மூட்டில் வலியில்லை. சுழல்தசைகள் வலுவாக உள்ளன. ஆர்த்ரோகிராமில் இரண்டாம் வகைக் கிழிசல். இவருக்கு முதலில் மூன்று மாதப் பிசியோதெரபி. வலி தீரவில்லை, மூட்டுக்குள் மரப்பூசி போட்டதும் வலி மறைகிறது என்றால் ஆர்த்ரோஸ்கோப்பி செய்யலாம். வேர் தளர்ந்திருந்தால், இந்த வயதில் லேப்ரத்தைத் தைப்பதை விட டெனோடெசிஸ் பொருத்தம். அதே படம் 20 வயது ஈட்டியெறியும் வீரருக்குரியது என்றால், உட்சுழற்சியைத் திருத்தும் பயிற்சி பலிக்காத பிறகு, லேப்ரத்தைத் தைப்பதே முதல் தேர்வாகக் கருதப்படும்.

சிக்கல்களும் மீட்சியும்

தைத்த பிறகு அதிகம் காணும் சிக்கல் தோள் விறைப்பு. ஆங்கர் தவறான கோணத்தில் இறங்கினால் குருத்தெலும்போ பின்புற நரம்போ காயப்படலாம். தைத்தவர்கள் சுமார் நான்கு வாரம் தூளிக்கட்டு அணிந்து, தொடக்க வாரங்களில் எறியும் நிலைச் சுழற்சியைத் தவிர்க்க வேண்டும். எறிதலை நான்கு மாதத்துக்குப் பிறகே படிப்படியாகத் தொடங்குவார்கள். போட்டிக்குத் திரும்ப ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். டெனோடெசிஸ் செய்தவர்கள் ஆறு வாரம் வரை முழங்கையை மடக்கிக் கனம் தூக்கக் கூடாது.

40 வயதைக் கடந்தவருக்குப் படத்தில் ஸ்லாப் கிழிசல் தெரிவது மட்டும் அறுவைக்குப் போதிய காரணம் ஆகாது. வலியின் இடம், சோதனைகள், படம் ஆகிய மூன்றும் ஒத்துப்போய், பயிற்சியும் பலனளிக்காதபோதே அறுவையை எண்ண வேண்டும்.