வெளிநாட்டு ஊழியரின் தங்கும் அனுமதி: புதுப்பிக்க நிறுவனம் என்ன தரணும்? ஊழியர் என்ன தரணும்?

சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் இருந்து ஒரகடம் ரோட்டில் திரும்பினால், கொரியன், ஜப்பானிய எழுத்தில் போர்டு வைத்த ஹோட்டல்களும் கெஸ்ட் ஹவுஸ்களும் கண்ணில் படும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு வந்து, வருஷக்கணக்கில் இங்கேயே வீடு எடுத்துத் தங்கும் வெளிநாட்டு இன்ஜினியர்கள் நிறைய பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட்டில் ஒரு கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதிக்குள் அனுமதியைப் புதுப்பிக்காவிட்டால், மறுநாளில் இருந்து அவர் சட்டவிரோதமாகத் தங்குபவர்.

2025 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டப்படி, அனுமதிக் காலம் தாண்டித் தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். 'எச்.ஆர். பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை இது.

எங்கே விண்ணப்பிப்பது?

வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம் என்பதைச் சுருக்கமாக எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்பார்கள். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. முன்பு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நிற்கணும். 2018-ல் இருந்து எல்லாமே ஆன்லைன். indianfrro.gov.in தளத்தில் ஊழியர் தன் பெயரில் கணக்கு தொடங்கி, ஆவணங்களை ஏற்றி, கட்டணத்தையும் அங்கேயே கட்டலாம். அதிகாரி கூப்பிட்டால் மட்டும் நேரில் போனால் போதும்.

வேலை விசாவில் 180 நாளுக்கு மேல் தங்க வருபவர், வந்து இறங்கிய 14 நாளுக்குள் இங்கே பதிவு செய்யணும். விசா முடியப்போகும்போது நீட்டிப்பு கேட்கணும். விசா நீட்டிப்பும் தங்கும் அனுமதியும் சேர்ந்தேதான் புதுப்பிக்கப்படும். நீட்டிப்பு வருஷத்துக்கு வருஷம்தான் கிடைக்கும். முதல் வேலை விசா வழங்கிய தேதியில் இருந்து மொத்தம் 5 ஆண்டு வரைதான் இப்படி நீட்டிக்க முடியும். அதற்கு மேல் வேலை தொடரணும் என்றால், ஊருக்குப் போய் புது விசா வாங்கி வரணும்.

யார் எதைத் தரணும்?

ஊழியர் பக்கம் இருப்பவை, 'நான் யார், எங்கே தங்குகிறேன், வரி கட்டினேனா' என்ற மூன்று கேள்விக்கான பதில்கள். பாஸ்போர்ட்டில் போட்டோ உள்ள பக்கம், விசா பக்கம், கடைசியாக இந்தியா வந்தபோது குத்திய முத்திரை உள்ள பக்கம், பழைய தங்கும் அனுமதி, புகைப்படம், வீட்டு வாடகை ஒப்பந்தம், பான் எண், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த ரசீது. ஆண்டுதோறும் வரிக் கணக்கு தாக்கல் செய்வது நீட்டிப்புக்கான நிபந்தனைகளில் ஒன்று. சம்பளத்தில் நிறுவனம் வரி பிடித்துவிட்டதே என்று ரிட்டர்ன் போடாமல் விடுபவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நிறுவனம் தரவேண்டியவை: லெட்டர்ஹெட்டில் கோரிக்கைக் கடிதம், பதவியும் சம்பளமும் காலமும் தெளிவாக எழுதிய வேலை ஒப்பந்தம், நிறுவனப் பதிவுச் சான்று, ஃபார்ம் 16. இவற்றோடு ஓர் உறுதிமொழிப் பத்திரம். மேனேஜர்கள் படிக்காமலே கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் இதில்தான். ஆனால் கனமான தாள் இதுதான். இந்த ஊழியர் இங்கே இருக்கும்வரை அவரது நடத்தைக்கு நிறுவனம் பொறுப்பு, பிரச்சினை வந்தால் நிறுவனத்தின் செலவில் அவரை ஊருக்கு அனுப்பிவைப்போம் என்பது அதன் சாரம். கையெழுத்துப் போட்டவர் வேலையை விட்டுப் போனாலும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான்.

சம்பளக் கணக்கில் ஒரு கண்ணி

வேலை விசாவில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் சம்பளம் இருக்கணும் என்பது விதி. தங்கள் நாட்டு உணவு சமைக்கும் சமையல்காரர், ஆங்கிலம் அல்லாத மொழி கற்பிப்பவர், மொழிபெயர்ப்பாளர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. எதை எல்லாம் சம்பளமாகக் கணக்கில் எடுக்கலாம் என்பதில்தான் குழப்பம்.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் தர ஆய்வு இன்ஜினியர், கொரியாக்காரர். வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். முதல் விசா 2023 நவம்பர் 10-ல் வழங்கப்பட்டது. ஒருமுறை நீட்டித்து, இப்போதைய அனுமதி 2025 நவம்பர் 9 வரை. மாதச் சம்பளம் 1,10,000 ரூபாய். வாடகைக்காக மாதம் 28,000 ரூபாயை நிறுவனம் அவர் கையிலேயே படியாகக் கொடுக்கிறது. ஆண்டுக்குச் சம்பளம் 13.20 லட்சம், வாடகைப் படி 3.36 லட்சம், மொத்தம் 16.56 லட்சம். ரொக்கமாகத் தரும் படி முழுசாகக் கணக்கில் சேரும். அதனால் வரம்பைத் தாண்டிவிட்டார், பிரச்சினை இல்லை.

2025-ல் அடுத்த நீட்டிப்புக்குப் புது ஒப்பந்தம் தயாரிக்கிறார்கள். வீட்டு ஓனர் 'கம்பெனி பேரிலேயே அக்ரிமென்ட் போடுங்க' என்கிறார். நிறுவனமும் சரி என்று, படியை நிறுத்திவிட்டு அதே 28,000-ஐ நேராக ஓனருக்கே கட்ட முடிவு செய்கிறது. நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் புது ஒப்பந்தத்திலும் 16.56 லட்சம் என்றே எழுதுகிறார் எச்.ஆர்.

தப்பு இங்கேதான் நடக்கிறது. ரொக்கமாக இல்லாமல் வசதியாகத் தரும் சலுகை, வருமான வரிக் கணக்கில் சம்பளமாக எந்த அளவுக்கு ஏறுமோ அந்த அளவுக்குத்தான் இதில் சேரும். நிறுவனம் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கும் வீட்டுக்கு, உண்மையான வாடகை அல்லது சம்பளத்தில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அதுதான் வரிக் கணக்கில் ஏறும். இவருக்கு 10 சதவீதம் என்பது 1.32 லட்சம். ஆக மொத்தம் 14.52 லட்சம்தான். வரம்புக்குக் கீழே 1.73 லட்சம் இறங்கிவிட்டார்!

கார், டிரைவர் விஷயமும் இப்படித்தான். நிறுவனம் செலவழிப்பது ஒரு தொகை, வரிக் கணக்கில் ஏறுவது அதைவிடச் சின்னத் தொகை.

அப்போ என்ன செய்யணும்? இரண்டு வழி இருக்கு. பழையபடி வாடகையைப் படியாக ஊழியர் கையிலேயே கொடுத்து, வீட்டு ஒப்பந்தத்தை அவர் பெயரில் வைத்துக்கொள்ளலாம். இல்லை, கம்பெனி பெயரில்தான் வீடு என்றால், மாதச் சம்பளத்தை 1,25,000 ஆக்கலாம். ஆண்டுக்கு 15 லட்சம், வீட்டுக்கு அதில் 10 சதவீதம் 1.50 லட்சம், மொத்தம் 16.50 லட்சம். நிறுவனத்துக்கு வருஷத்துக்கு 1.80 லட்சம் கூடுதல் செலவு. எந்த வழியாக இருந்தாலும் ரொக்கம் எவ்வளவு, சலுகையின் மதிப்பு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தனித்தனியாக, தொகை போட்டு எழுதணும். 'வீடு இலவசம்' என்று ஒரு வரி மட்டும் போட்டால் போதாது.

இன்னொன்று. தாய் நிறுவனம் அனுப்பி வந்தவர்களில் பலருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி அவர்கள் ஊர் வங்கியில் விழும். அதையும் சேர்த்துக் காட்டுவதாக இருந்தால், அதற்கு இங்கே வரி கட்டியிருக்கணும், ஃபார்ம் 16-ல் அது தெரியணும். ஒப்பந்தத்தில் ஒரு தொகை, ஃபார்ம் 16-ல் வேறு தொகை என்றால் அதிகாரியிடம் இருந்து கேள்வி வருவது நிச்சயம்.

முகவரியும் வாடகை ஒப்பந்தமும்

நம்ம ஊரில் வாடகை ஒப்பந்தம் என்றாலே 11 மாதம். தங்கும் அனுமதியோ 12 மாதம். ஒவ்வொரு வருஷமும் இரண்டும் ஒரு மாதம் விலகிக்கொண்டே போகும். மேலே சொன்ன இன்ஜினியரின் பழைய ஒப்பந்தம் அக்டோபர் கடைசியில் முடிகிறது என்றால், செப்டம்பரில் ஏற்றும்போது செல்லும், அதிகாரி அக்டோபர் முடிந்து பார்க்கும்போது காலாவதி ஆகியிருக்கும். விண்ணப்பிக்கும் முன்பே அடுத்த ஒப்பந்தத்தைப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்து, ஊர்ப் பெயர். ஒரு தாளில் 'சிங்கப்பெருமாள் கோவில்' என்று பிரித்து, இன்னொன்றில் ஒரே சொல்லாகச் சேர்த்து, மூன்றாவதில் 'எஸ்.பி.கோயில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். நமக்கு எல்லாம் ஒன்றுதான். சென்னையில் உட்கார்ந்து ஸ்கிரீனில் பார்ப்பவருக்கு அது மூன்று முகவரி. மாவட்டத்திலும் கவனம் தேவை. சிங்கப்பெருமாள் கோவில் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில், அந்த மாவட்டமே 2019-ல்தான் உருவானது. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம். வீட்டு முகவரி கேட்கும் இடத்தில் வீடு இருக்கும் மாவட்டத்தைத்தான் போடணும், தொழிற்சாலை இருக்கும் மாவட்டத்தை அல்ல.

வீட்டு ஓனர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கு. வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை ஆன்லைனில் பதியணும். 'ஃபார்ம் சி' என்று சொல்வது இதைத்தான். ஹோட்டலுக்கு மட்டும்தான் இது என்று பல ஓனர்கள் நினைக்கிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் இது பொருந்தும்.

வேலை மாறினால்?

இந்தப் பகுதியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரிய கார் கம்பெனிக்குப் பொருள் சப்ளை செய்யும் இரண்டு நிறுவனங்கள் பக்கத்து பக்கத்தில் இருக்கும். முதலாளிகள் இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர்களாகக்கூட இருப்பார்கள். 'அங்கே ஆள் தேவை, மாறிக்கோ' என்று சொன்னால் மாறிவிட முடியாது. வேலை விசா என்பது அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது. பதிவு பெற்ற தாய் நிறுவனத்துக்கும் அதன் துணை நிறுவனத்துக்கும் இடையே, அல்லது அதே தாய் நிறுவனத்தின் இரண்டு துணை நிறுவனங்களுக்கு இடையே மாறுவது போன்ற சில நிலைகளில்தான் நாட்டுக்குள் இருந்தபடியே அனுமதி கேட்க முடியும். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பி, புது நிறுவனத்தின் பெயரில் புது விசா வாங்கித்தான் வரணும். சப்ளையர் என்பது துணை நிறுவனம் ஆகாது.

எப்போது தொடங்கணும்?

அனுமதி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. நம் உதாரணத்தில் அது செப்டம்பர் இரண்டாவது வாரம். அதிகாரி கூடுதல் தாள் கேட்டுத் திருப்பினால், அதைச் சரிசெய்து மறுபடி ஏற்ற அவகாசம் இருக்கும். கேள்வி வந்தது தளத்திலும் ஊழியரின் மெயிலிலும்தான் தெரியும். பதிவு செய்யும்போது ஏஜென்ட்டின் மெயில் முகவரியைக் கொடுத்துவிட்டால், கேள்வி வந்ததே ஊழியருக்குத் தெரியாமல் நாட்கள் ஓடிவிடும். அனுமதி கிடைத்ததும் அதுவும் மெயிலில்தான் வரும். பிரின்ட் எடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

குடும்பத்தோடு வந்திருந்தால் மனைவி, குழந்தைகளின் விசாவும் ஊழியரின் விசாவோடுதான் முடியும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம் போடணும்.