வித்தும் விளைவும்: போலி எழுமாற்று எண்களின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

கணனி இடப்பட்ட கட்டளைகளை இட்ட ஒழுங்கில் நிறைவேற்றும் பொறி. ஒரே தரவையும் ஒரே கட்டளைகளையும் இருமுறை கொடுத்தால் இருமுறையும் ஒரே விடையையே தரும்; தராவிடின் அது பழுதடைந்திருக்கின்றது என்பதே பொருள். இத்தகைய பொறியிடம் ‘எழுமாற்றாக ஓர் எண்ணைத் தருக’ என்று கேட்பது முரண்பாடான கோரிக்கை எனலாம். அக்கோரிக்கை ஏன் எழுந்தது, அதற்கு அளிக்கப்பட்ட விடை எத்தகையது என்பதை வரலாற்று நோக்கில் அணுகுவது பயனுடையது.

இதன் தோற்றுவாய் அணுவாயுத ஆய்வோடு பிணைந்தது. 1946ஆம் ஆண்டிலே, நோயிலிருந்து தேறிவந்த கணிதவியலாளர் ஸ்ரானிஸ்லாவ் உலாம் தனித்தாடும் சீட்டாட்டமொன்றின் வெற்றி வாய்ப்பைக் கணிக்க முயன்றார். சேர்மானக் கணிதத்தால் அதனை விடுவிப்பதிலும் பல தடவை ஆடிப் பார்த்து எண்ணுவதே எளிது என அவருக்குப் பட்டது. இக்கருத்தை ஜோன் வொன் நியூமன் பற்றிக்கொண்டார். பிளவுறும் பொருளினுள் ஒரு நியூத்திரன் எங்கே மோதும், எத்திசையிற் சிதறும், எப்போது உறிஞ்சப்படும் என்பவற்றை ஒவ்வொரு படியிலும் திருவுளச் சீட்டுப்போல் தீர்மானித்து, ஏராளமான நியூத்திரன்களின் கதையைத் தொடர்ந்தால், முழுமையின் போக்குத் தெரிந்துவிடும். மொன்ரே கார்லோ முறை எனப் பெயர்பெற்ற இக்கணிப்பு, லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்துக்காக 1948இல் எனியாக் கணனியில் நடத்தப்பட்டது. சூதாட்ட நகரொன்றின் பெயரைத் தாங்கிய கணித முறை குண்டின் நிழலிலேதான் வளர்ந்தது என்பதை மறத்தல் ஆகாது.

ஒவ்வொரு மோதலுக்கும் புதிய எழுமாற்று எண் வேண்டும். அவற்றை எங்கிருந்து பெறுவது? றாண்ட் நிறுவனம் 1947இல் இலத்திரன் துடிப்புகளைக் கொண்டு இயங்கிய ‘சுழற்சக்கரம்’ ஒன்றினால் இலக்கங்களை உருவாக்கிற்று. பத்து இலட்சம் இலக்கங்கள் கொண்ட அப்பட்டியல் 1955இல் நூலாகவும் வெளிவந்தது. ஆயினும் துளையட்டைகளில் எழுதிய எண்களை ஒவ்வொன்றாக வாசிப்பது கணனியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. எனவே வொன் நியூமன் எண்களைக் கணனியே ஆக்கிக்கொள்ளட்டும் என முடிவுசெய்தார். அவர் கையாண்டது நடுவர்க்க முறை: ஓர் எண்ணை வர்க்கித்து, விடையின் நடு இலக்கங்களை அடுத்த எண்ணாகக் கொள்வது. தொடக்கத்தில் நாம் கொடுக்கும் எண்ணே வித்து.

நான்கிலக்க எண்களைக் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம். வித்து 1234 என்க. அதன் வர்க்கம் 01522756. நடுவிலுள்ள நான்கு இலக்கங்கள் 5227. அதன் வர்க்கம் 27321529, நடு 3215. அடுத்து 3362, பின்னர் 3030, பின்னர் 1809. பார்வைக்கு ஒழுங்கற்றவையே. ஆனால் நாளையும் மறுநாளும், எந்த நாட்டில் எவர் 1234இல் தொடங்கினாலும், 5227, 3215, 3362 என்றே வரும். ‘போலி’ என்ற அடைமொழியின் காரணம் இதுவே. எண்கள் எழுமாற்றுத் தோற்றம் உடையன. அவற்றின் பிறப்பில் எழுமாறு எதுவுமில்லை.

இதனைக் குறையென்று மட்டும் கருதுவது வொன் நியூமனின் நோக்கத்தைத் தவறவிடுவதாகும். 1949இல் லொஸ் ஏஞ்சலிசில் நடந்த கருத்தரங்கில் அவர் எடுத்துக்காட்டிய நியாயம் கவனிக்கத்தக்கது. எண்கணிதத்தால் உண்மையான எழுமாற்றை ஆக்க முடியாதென்பதை அவர் நன்கறிந்திருந்தார். அவ்வாறு முயல்வோரை நகைச்சுவையாகக் கடிந்தும் பேசினார். எனினும் இயற்கை நிகழ்விலிருந்து பெற்ற எண்களைக் கொண்டு கணித்து, விடையில் ஐயம் தோன்றினால், அக்கணிப்பைத் திரும்பச் செய்து சரிபார்க்க வழியில்லை. வெற்றிடக் குழாய்கள் அடிக்கடி பழுதாகிய காலம் அது. பிழை பொறியினதா, கணித முறையினதா என அறிய வேண்டுமாயின் அதே எண்கள் அதே ஒழுங்கில் மீண்டும் வரவேண்டும். வித்து அதனை இயலச்செய்தது. மீளுதல் தற்செயலாய் ஒட்டிக்கொண்ட குற்றமன்று. விரும்பிப் பெற்ற பண்பு.

முறையின் மெய்யான குறை வேறிடத்தில் இருந்தது. நான்கிலக்க எண்கள் பதினாயிரமே உள்ளன. ஆதலால் பதினாயிரம் படிகளுக்குள் ஏற்கெனவே வந்த ஓர் எண் மீண்டும் வந்தே தீரும். வந்ததும் அதன்பின் வந்தவை யாவும் பழைய வரிசையிலேயே திரும்பும். நடுவர்க்க முறையில் இது மிக விரைவில் நேரக்கூடும். 6100இலிருந்து 2100, 4100, 8100, மீண்டும் 6100 என நான்கே படிகளில் வட்டம் மூடிவிடுகின்றது. 3792 என்ற வித்தோ தன்னையே ஈன்றுகொண்டிருக்கும். இதனால் 1949இல் டி. எச். லேமர் முன்வைத்த முறை அதன் இடத்தைப் பிடித்தது: முன்னைய எண்ணை ஒரு மாறிலியாற் பெருக்கி, வேறொரு பேரெண்ணால் வகுத்து, மீதியை எடுத்தல். பின்னாளில் பெருக்கத்தோடு ஒரு கூட்டலும் சேர்க்கப்பட்டது. சி மொழியின் நியமம் எடுத்துக்காட்டாகத் தந்த செய்நிரல் இவ்வழியினதே:

```c
next = next * 1103515245 + 12345;
return (unsigned int)(next / 65536) % 32768;
```

இதில் `next` என்பதன் தொடக்கப் பெறுமானம் 1. அந்நியமத்தின்படி, `srand` மூலம் வித்திடாதவர் `srand(1)` என்று வித்திட்டவராகவே கொள்ளப்படுவார். இச்செய்நிரலை அவ்வாறு இயக்கினால் முதலில் 16838, அடுத்து 5758, அதன்பின் 10113 கிடைக்கும். ஒவ்வொரு முறையும் அவையே. தன் செய்நிரல் ஒவ்வொரு நாளும் அதே ‘தற்செயலை’ நிகழ்த்துவதைக் கண்டு மருளும் மாணவர் பலர். சோதனை எளிது: இருமுறை இயக்கி முதற் சில எண்களை ஒப்பிட்டாற் போதும்.

இதனினும் மறைவான தவறொன்றுண்டு. பத்துக் கணனிகளில் ஒரே செய்நிரலை ஒரே வித்துடன் ஓடவிட்டுப் பத்து விடைகளின் சராசரியை எடுப்பவர், பத்துப் பரிசோதனை செய்ததாக எண்ணுகிறார். உண்மையில் ஒன்றையே பத்துத் தடவை பிரதிசெய்திருக்கிறார். விடைகள் கடைசித் தசமம்வரை ஒத்திருந்தால் அது துல்லியத்தின் அடையாளமன்று. அவற்றுக்கிடையே சிறு வேறுபாடு காணப்படாமையே ஐயத்துக்கு இடமாகவேண்டும்.

வித்தை நேரத்திலிருந்து எடுப்பது வழக்கமான பரிகாரம். விளையாட்டுக்கு அது போதும்; இரகசியத்துக்குப் போதாது. இதனை 1995 செப்டெம்பரில் பேர்க்லி பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர்களான இயன் கோல்ட்பேர்க்கும் டேவிட் வாக்னரும் ஐயந்திரிபற நிறுவினர். அன்று மிகப் பரவலாகப் பயன்பட்ட நெற்ஸ்கேப் இணைய உலாவி, கடனட்டை எண் போன்றவற்றை மறைகுறியாக்க ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இரகசியத் திறவியை ஆக்கிற்று. அதன் வித்து, செக்கன்களும் மைக்கிரோ செக்கன்களுமாகக் குறித்த நேரத்திலிருந்தும், செய்நிரலுக்கு இயங்குதளம் இட்ட இலக்கத்திலிருந்தும், அதனைத் தொடக்கிய தாய்ச் செய்நிரலின் இலக்கத்திலிருந்தும் பெறப்பட்டது. அதே யுனிக்ஸ் கணனியிற் கணக்குடைய எவரும் இவ்விரு இலக்கங்களையும் ஒரு சாதாரணக் கட்டளையாற் பார்க்கலாம். வலையமைப்பிற் செல்லும் செய்தியை நோக்கின் செக்கனும் தெரிந்துவிடும். எஞ்சுவது மைக்கிரோ செக்கன் மட்டுமே. அதற்குப் பத்து இலட்சம் பெறுமானங்களே உண்டு. ஒவ்வொன்றையும் வித்தாக இட்டு, பிறக்கும் திறவி பொருந்துகிறதா எனப் பார்க்க அக்காலப் பணிநிலையக் கணனிக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

128 இருமவிலக்க நீளமுள்ள திறவியென விளம்பரப்படுத்தப்பட்டது, இவ்வாறு ஏறத்தாழ 20 இருமவிலக்க அளவுக்குச் சுருங்கிற்று. மறைகுறியாக்கக் கணிதத்தில் எப்பழுதும் இல்லை. அவர்கள் பூட்டை உடைக்கவில்லை. திறவி வார்க்கப்பட்ட அச்சை ஊகித்தார்கள். அச்செய்நிரலின் மூலவடிவம் வெளியிடப்படாதிருந்தும், இயங்கும் வடிவத்தைப் பின்னோக்கிப் பகுத்தே இதனைக் கண்டறிந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மூடிவைப்பதே பாதுகாப்பு என்ற வணிக நிறுவனங்களின் வாதத்துக்கு இது தக்க மறுப்பாயிற்று. நெற்ஸ்கேப் விரைவிலேயே திருத்திய பதிப்பை வெளியிட நேர்ந்தது.

இன்று இரு வழக்கங்கள் அருகருகே நிலவுகின்றன. ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் தம் வித்தை வெளிப்படையாக அச்சிடுகின்றனர். பிறர் அதே எண்களைப் பெற்றுச் சரிபார்க்கட்டும் என்பதற்காக. திறவி ஆக்குவோரோ விசை தட்டும் இடைவெளி, வட்டியக்கத்தின் தாமதம், மின்சுற்றின் இரைச்சல் ஆகியவற்றை இயங்குதளம் திரட்டிவைத்த குளத்திலிருந்து வித்தை மொண்டு, அதனை எவர்க்கும் காட்டாது விடுகின்றனர்.