இ-புக் 'வாங்கினால்' நமக்குச் சொந்தமா? பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

கடையில் வாங்கிய புத்தகத்தைக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போக முடியாது. இ-புக்கில் கிட்டத்தட்ட அதுவே நடந்திருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019 ஏப்ரலில் தனது இ-புக் விற்பனையை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூலையில், காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களும் திறக்காமல் போயின. முழுப் பணமும் திரும்பக் கிடைத்தது. புத்தகத்தில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கிரெடிட்டும் தரப்பட்டது. ஆனா, புத்தகம் போனது போனதுதான்.

எப்படி இது சாத்தியம்?

பல தளங்களில் 'Buy' பட்டனை அழுத்தினால் நமக்குக் கிடைப்பது படிக்கும் உரிமம் மட்டுமே. ஃபைலுக்கு 'டிஆர்எம்' என்ற டிஜிட்டல் பூட்டு இருக்கும். சாவி கடையின் சர்வரிடம் இருக்கும். சர்வரை நிறுத்திவிட்டால் பூட்டைத் திறக்க வழியில்லை. இதனால்தான், வெறும் உரிமத்தை விற்பவர்கள் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டவுன்லோடு செய்தபின் விற்றவரால் பறிக்க முடியாத ஃபைலுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு.

விவரத்தில் என்ன இருக்க வேண்டும்?

குரூப் 4 தேர்வுக்கான இ-புக் ஒன்று 300 ரூபாய்க்கு விற்பனைக்கு வருகிறது என வைத்துக்கொள்வோம். 'லைஃப்டைம் ஆக்சஸ்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். யாருடைய ஆயுள்? பெரும்பாலும் அந்த ஆப்பின் ஆயுள்தான். 'ஆப்பில் மட்டும் படிக்கலாம்' என்று இருந்தால், ஆப் மூடப்படும் நாளோடு புத்தகமும் முடிந்தது. 'டிஆர்எம் இல்லாத PDF, டவுன்லோடு செய்துகொள்ளலாம்' என்றால் ஃபைல் உங்கள் கையில் இருக்கும். ஒரு சிக்கல், PDF பக்கம் மொபைல் திரைக்கு ஏற்ப மாறாது. பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். EPUB என்றால் எழுத்து திரைக்குள் தானாக அடங்கும்.

அடுத்து அப்டேட். பாடத்திட்டம் மாறினால் புதிய பதிப்பு இலவசமா, எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்க வேண்டும். 'அப்டேட் உண்டு' என்ற இரண்டே சொல்லை நம்பி வாங்கினால், எழுத்துப்பிழை திருத்தம் மட்டும் வந்தாலும் கேள்வி கேட்க முடியாது.

ரீஃபண்ட் எப்போது?

கிண்டில் புத்தகத்தைத் தவறுதலாக வாங்கிவிட்டால் 7 நாட்களுக்குள் திருப்பித் தரலாம். நாள் கணக்கு, வாங்கிய நேரத்திலிருந்தே ஓடும். புத்தகத்தைத் திறந்த நாளிலிருந்து அல்ல. PDF விற்பவர்கள் பலர், டவுன்லோடு ஆனதும் ரீஃபண்ட் இல்லை என்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் சாம்பிள் பக்கங்களைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். விவரத்தைப் பிறகு மாற்றினாலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யும்போது அதைக் காட்ட முடியும்.