படகைப் பார்த்திருத்தல்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நிக்கிற ஒருவரிடம் என்ன செய்யிறியள் என்று கேட்டால், "நயினாதீவுப் படகைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்பார். கடலில் படகே தெரியாது. ஆனாலும் அது பொய்யில்லை. எங்கட தமிழில் பார்த்தல் என்பது கண்ணால் காண்பதும்தான், காத்திருப்பதும்தான்.

இதே சிக்கல் அரபியிலும் உண்டு. குர்ஆனின் 75ஆம் அத்தியாயம், 23ஆம் வசனம் மறுமை நாளில் சில முகங்கள் தம் இறைவனை நோக்கியிருக்கும் என்கிறது. அங்கே வரும் 'நாழிரா' என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இறைவனைக் கண்ணால் காண்பார்களா, அவனது அருளை எதிர்பார்த்திருப்பார்களா?

923இல் இறந்த தபரீ, அறிவிப்புகளை வைத்து விளக்கம் எழுதியவர். இதைத்தான் 'தஃப்ஸீர் பில் மஃஸூர்' என்பார்கள். யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற சங்கிலியோடு அவர் முன்னோரின் கருத்துகளை அடுக்குகிறார். காண்பார்கள் என்பது இக்ரிமா, ஹஸன் ஆகியோரின் கருத்து. கூலியை எதிர்பார்த்திருப்பார்கள் என்பது முஜாஹிதின் கருத்து. நபியிடமிருந்து வந்த அறிவிப்போடு ஒத்துப்போவதால் தபரீ முதலாவதைத் தெரிகிறார்.

1144இல் இறந்த ஸமக்ஷரீ நியாயித்து விளக்குபவர். இது 'தஃப்ஸீர் பிர்ரஃயி'. அவர் வசனத்தின் சொல்லொழுங்கைப் பார்க்கிறார். 'இறைவனை' என்ற சொல் முன்னுக்கு வந்திருப்பதால், அவனை மட்டுமே என்று பொருள்படும். ஆனால் அந்த நாளில் மனிதர் எண்ணற்றவற்றைக் காண்பார்களே? ஆகவே இது எதிர்பார்ப்புத்தான் என்கிறார். சாட்சிக்கு, மக்காவில் வீடுகள் கதவடைத்த ஒரு நண்பகலில் யாசகம் கேட்ட பெண்ணொருத்தியின் பேச்சைக் காட்டுகிறார். தன் கண்கள் இறைவனையும் உங்களையும் நோக்கியிருக்கின்றன என்று அவள் சொன்னாளாம். அவள் கேட்டது உதவியை.

வாதம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இலா' என்ற இடைச்சொல்லோடு வந்தால் அந்த வினை கண்ணால் நோக்குவதையே குறிக்கும் என்று எதிர்த்தரப்பு மறுத்தது. இன்னொன்று, ஸமக்ஷரீ முஃதஸிலா கொள்கைக்காரர். இறைவனைக் காண முடியாது என்பது அவர்களின் முன்முடிவு. முடிவு முதலே இருக்க, இலக்கணம் பிறகு வந்ததோ என்ற சந்தேகம் அதனால்தான் எழுகிறது.

அதற்காக அறிவிப்பு வழியில் தெரிவே இல்லை என்று சொல்ல ஏலாது. பின்னர் ஸமக்ஷரீ வாதிட்ட பொருளை, பல தலைமுறைக்கு முன்பே முஜாஹித் சொல்லிவிட்டார். அதுவும் அறிவிப்பாகத்தான் வந்து சேர்ந்தது. இரண்டில் ஒன்றை எடுக்கத் தபரீயும் எடைபோட வேண்டியிருந்தது. வேறுபாடு கடைசித் தீர்ப்பை எதனிடம் விடுகிறார்கள் என்பதில்தான். தபரீ அதை நபியின் சொல்லிடம் விட்டார், ஸமக்ஷரீ மொழியிடமும் நியாயத்திடமும் விட்டார்.

தமிழில் குர்ஆனை வாசிக்கிற நாங்கள் இந்த வழக்கைக் காண்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் 'காணும்' அல்லது 'எதிர்பார்க்கும்' என்று ஒன்றைத் தெரிந்து எழுதிவிடுகிறார், மற்றது மறைந்துபோகிறது. அடுத்தமுறை வாசிக்கையில் அந்தச் சொல்லில் ஒருக்கா நில்லுங்கோ. இவர் யாரிடம் கேட்டு இதைத் தெரிந்தார் என்று கேளுங்கோ.