குக்கர் ஏன் சீறுகிறது? காற்றடிக்கும் மண்ணெண்ணெய் அடுப்பின் கதை



ஊரில் நாங்கள் "குக்கர்" என்று சொன்னால் அது மண்ணெண்ணெய் அடுப்பைத்தான் குறிக்கும். அதில் திரி போட்டு எரிப்பது ஒருவகை. பித்தளைத் தாங்கியும் பக்கவாட்டில் ஒரு பம்பும் உள்ள, காற்றடித்து எரிப்பது மற்றவகை. இந்த மாத உரை இரண்டாவதைப் பற்றியது. இங்கு பிறந்த பிள்ளைகளில் பலர் அதைக் கண்டிருக்கவே மாட்டார்கள். கண்ட எங்களில் பலருக்கும் அது எரியும் விதம் தெரியும், எரியாமல் அடம்பிடிப்பதன் காரணம் தெரியாது. ஊசியால் குத்துவோம், பம்பால் அடிப்போம், பிறகு பேசுவோம்.

முதலில் ஒரு அடிப்படை விடயம். மண்ணெண்ணெய் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. திரி அடுப்பிலும் இதுவே நடக்கிறது. திரியின் நுனியில் எண்ணெய் சூடாகி ஆவியாகி எரிகிறது. ஆனால் அங்கே ஆவி மெதுவாக எழும்புகிறது, காற்றோடு நன்றாகக் கலப்பதில்லை. அதனால்தான் மஞ்சள் சுவாலை, புகை, சட்டியின் அடியில் கரி.

இதற்கு விடை சுவீடனிலிருந்து வந்தது. 1880களின் தொடக்கத்தில் கார்ல் ரிச்சர்ட் நீபெர்க் என்ற சுவீடன்காரர், எரிபொருளைச் சூடான குழாயில் ஆவியாக்கிச் சிறு துளையால் பீய்ச்சும் ஊதுவிளக்கைச் செய்தார். பற்றாசு வைப்பவர்கள் கையில் இருக்குமே, அந்த வகை. 1892இல் ஸ்டொக்ஹோமில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ற் என்ற தொழில்வினைஞர் அதே யுக்தியை மண்ணெண்ணெய்க்கும் சமையலுக்கும் ஏற்றபடி மாற்றி, திரியும் கரியும் இல்லாத அடுப்பை உருவாக்கினார். அதுதான் "பிரைமஸ்". 1911இல் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சனின் குழுவும் பிரைமஸ் அடுப்பில்தான் பனியை உருக்கியது.

நாங்கள் வாழும் ஜேர்மனிக்கும் இதில் ஒரு பங்குண்டு. பேர்லினில் இருந்த எஹ்ரிச் அன்ட் கிறேற்ஸ் என்ற தொழிற்சாலை, 1910ஆம் ஆண்டளவில் இதே ஆவியாக்கும் முறையில் ஒரு விளக்கைச் செய்தது. மண்ணெண்ணெய்க்கு இங்கு "பெற்றோலியும்" என்று பெயர். அதையும் மக்ஸ் கிறேற்ஸ் என்ற முதலாளியின் பெயரையும் சேர்த்து "பெற்றோமக்ஸ்" என்றார்கள். எங்கள் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் சீறிக்கொண்டு எரிந்த பெற்றோல்மக்ஸ் இதுதான். (போருக்குப் பின் மேற்கு ஜேர்மனியில் வானொலிப் பெட்டி செய்த கிறேற்ஸும் இதே குடும்பம்தான். வானொலிக்காரனான எனக்கு இதில் ஒரு சந்தோசம்.) விளக்கில் ஆவி மென்டிலை ஒளிரச் செய்கிறது, அடுப்பில் சட்டியைச் சுடவைக்கிறது. அதுவே வித்தியாசம்.

இனி அடுப்புக்குள் போவோம். தாங்கியில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய் விடுவதில்லை, மிச்ச இடம் காற்றுக்கு. பம்பை அடிக்கும்போது அந்தக் காற்று இறுகி எண்ணெயை அமுக்குகிறது. தாங்கியின் அடிவரை இறங்கி நிற்கும் குழாய் வழியே எண்ணெய் மேலே ஏறுகிறது. மேலே அடுப்பின் தலைப்பகுதியில் குழாய் கிளைகளாகப் பிரிந்து, சுவாலை எரியும் இடத்தைச் சுற்றிப்போய், மீண்டும் கீழே வளைந்து நடுவிலுள்ள நிப்பிளுக்கு வருகிறது. நிப்பிளின் துளை ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

சுற்றுப்பாதையின் காரணம் இதுதான். மண்ணெண்ணெய் தண்ணீரைப்போல ஒரே சூட்டில் கொதிப்பதில்லை. அது பல பொருட்களின் கலவை. ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் கொதிக்கத் தொடங்கி 300 பாகைக்குக் கிட்டத்தான் முழுவதும் ஆவியாகும். சுவாலைக்குள் கிடக்கும் குழாயைக் கடக்கும்போது அந்தச் சூடு கிடைக்கிறது. ஆவி துளையால் வேகமாகப் பாயும்போது சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போய், மேலேயுள்ள தகட்டில் மோதிப் பரவி நீலமாக எரிகிறது. நாம் கேட்கும் இரைச்சல் அந்தப் பாய்ச்சலின் சத்தம்.

ஒரு கணக்காளனுக்கு இந்த இடம் பிடிக்கும். சுவாலை தரும் வெப்பத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்குதான் அடுத்த எண்ணெயை ஆவியாக்கச் செலவாகிறது. மிச்சம் சட்டிக்கும் காற்றுக்கும். ஆனால் அந்த இரண்டு பங்கு முதலில் எங்கிருந்து வரும்? கைமாற்றாகத்தான். அதற்காகவே குழாயின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. காற்றுத் திருகாணியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுக் கொளுத்த வேண்டும். அது எரிந்து முடியும் தறுவாயில் திருகாணியைப் பூட்டி, நாலைந்து தரம் மட்டும் பம்ப் அடிக்க வேண்டும். நீலச் சுவாலை பிடித்தபின் மிச்சத்தை அடிக்கலாம்.

குக்கர் சீறி நெருப்பு முகட்டுக்குப் பாய்வது பெரும்பாலும் இந்தக் கைமாற்றுப் போதாமையால்தான். தலை சூடேறுமுன் பம்ப் அடித்தால் ஆவிக்குப் பதிலாகத் திரவமே துளையால் பீய்ச்சும். எண்ணெய் ஆவியாகும்போது நூறு மடங்குக்கும் மேல் விரிகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அதே துளையால் திரவம் வந்தால் எத்தனை மடங்கு எரிபொருள் வெளியே வருகிறது! அதற்குத் தேவையான காற்று அங்கே இல்லை. எனவே உயர்ந்த மஞ்சள் நெருப்பும் கரும்புகையும் வரும். உடனே செய்ய வேண்டியது காற்றுத் திருகாணியைத் திறப்பது. அமுக்கம் போனால் எண்ணெய் ஏறாது, நெருப்பு தானாக அடங்கும். தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆறவிட்டு மீண்டும் ஸ்பிரிட்டிலிருந்து தொடங்க வேண்டும். நெருப்பு இருக்கும்போது போத்தலால் ஸ்பிரிட் ஊற்றுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது, போத்தலுக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். நன்றாக எரிந்த அடுப்பு திடீரென்று மஞ்சளானால், குளிர்காற்று தலையை ஆறவைத்ததா, அளவுக்கு மிஞ்சிப் பம்ப் அடித்தோமா என்று பாருங்கள். நிப்பிளின் அடியிலிருந்து பக்கவாட்டில் சுவாலை வந்தால் புரியில் கசிவு.

அடுத்தது படபடவென்று வெடித்து விட்டுவிட்டு எரிவது. இதற்கு முதல் சந்தேகம் தண்ணீர். தண்ணீர் மண்ணெண்ணெயைவிடப் பாரமானது, தாங்கியின் அடியில் போய் இருக்கும். குழாயும் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது! ஒரு துளி தண்ணீர் சூடான தலைக்குள் போனதும் நீராவியாக வெடித்து விரிந்து, எண்ணெய் ஆவியைத் தள்ளிவிடுகிறது. சுவாலை ஒரு கணம் அணையப்போய் மீண்டும் பிடிக்கிறது. எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு இரவு வைத்தால், அடியில் தண்ணீர் தனிக்கோடாகத் தெரியும். தண்ணீர் இல்லாமலும் துடிப்பு வரலாம். தலை அரைச்சூட்டில் இருந்தால் ஒரு முறை ஆவியும் ஒரு முறை திரவமுமாக வந்து, சுவாலை மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும்.

1990ஆம் ஆண்டு யூனில் போர் மீண்டும் தொடங்கி, யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையும் வந்தபின் மண்ணெண்ணெய் எங்களுக்கு எல்லாமாகியது. ஜாம் போத்தலில் சிறு திரி வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடியது. அது ஓடிய விதம் இந்த அடுப்பின் விதியேதான். சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு இயந்திரத்தை உதைத்துக் கிளப்புவார்கள். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். இயந்திரம் சூடானபின் மண்ணெண்ணெயும் ஆவியாகி ஓடும். பெற்றோல் அங்கே அடுப்பின் ஸ்பிரிட் போல. வழியில் நிறுத்தி இயந்திரம் ஆறிவிட்டால் மீண்டும் அந்தச் சின்னப் போத்தலைத் தேட வேண்டும்.

மூன்றாவது அடைப்பு. இதற்கு எண்ணெயிலுள்ள தூசியைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் பெரும்பங்கு கரி அடுப்புக்குள்ளேயே பிறக்கிறது. மிகச் சூடான உலோகத்தில் படும் மண்ணெண்ணெயில் கொஞ்சம் ஆவியாகாமல் சிதைந்து, குழாயின் உட்சுவரில் கரியாகப் படிகிறது. டீசல் போன்ற பாரமான எண்ணெய் கலந்திருந்தால் படிவு இன்னும் வேகமாக வளரும். ஒருநாள் அதில் ஒரு பொருக்கு உதிர்ந்து துளையில் வந்து நிற்கும். சுவாலை ஒருபக்கம் சாயும், அல்லது சிறுத்துப் போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் நேயர் ஒருவர் இங்குள்ள பழைய பொருட்சந்தையில் பித்தளை அடுப்பு ஒன்றை வாங்கி வந்தார். எரிந்து பத்து நிமிடத்தில் சுவாலை தளர்ந்துவிடும் என்பது அவர் முறைப்பாடு. முதல் கேள்வி, போனது காற்றா, வழியா? சுவாலை தளர்ந்ததும் திருகாணியைத் திறந்து பார்த்தோம். "புஸ்" என்று பலமாகக் காற்று வந்தது. ஆகவே தாங்கியில் அமுக்கம் இருக்கிறது, பிழை மேலே. (காற்று வராமல் இருந்திருந்தால் பம்பின் தோல் வாசரையும் அதன் அடியிலுள்ள வால்வையும் பார்த்திருப்போம். தோல் காய்ந்தால் பம்ப் இலகுவாக இறங்கும், ஒரு துளி தேங்காயெண்ணெய் போதும். வால்வு பழுதானால் பம்பின் பிடி தானாக மேலே எழும்பும்.) ஊசியால் குத்தினோம், நன்றாக எரிந்தது, பத்து நிமிடத்தில் மீண்டும் தளர்ந்தது. குத்தியதும் எரிந்து திரும்பத் திரும்ப அடைத்தால் கரி நிப்பிளில் அல்ல, பின்னாலுள்ள குழாயில். ஆறியபின் நிப்பிளைக் கழற்றி, தலையைத் தனியே எடுத்துத் தட்டினோம். கறுத்த பொருக்குகள் கொட்டின. மெல்லிய வளையும் கம்பியை விட்டுச் சுரண்டி, புது மண்ணெண்ணெயால் அலசினோம். அதன்பின் தளரவில்லை.

அவர் கையில் இருந்த ஊசி ஒரு தையல் ஊசி! இந்த இடத்தில்தான் ஊரில் பல குக்கர்கள் கெட்டன. நிப்பிள் மென்மையான பித்தளை. தடித்த ஊசி துளையைப் பெருப்பிக்கும். பெருத்த துளையால் கூடுதல் ஆவி வரும், அதற்குப் போதிய காற்றை இழுக்காது. சத்தம் குறைந்து, நுனி மஞ்சளாகி, சட்டியில் கரி பிடித்தால் அதுதான் அடையாளம். அதற்கு மருந்து இல்லை, புது நிப்பிள்தான். பெற்றோல்மக்ஸ் செய்தவர்கள் சரியான பருமனுள்ள ஊசியை விளக்குக்கு உள்ளேயே வைத்து, வெளியிலுள்ள பிடியைத் திருப்பினால் அது துளைக்குள் ஏறி இறங்கும்படி அமைத்தது இதனால்தான்.

யாராவது இங்கு பழைய குக்கரை எரித்துப் பார்க்க விரும்பினால், கடையில் "பெற்றோலியும்" என்று கேளுங்கள். "பென்சீன்" என்பது பெற்றோல். அது தாங்கி சூடானதும் உள்ளேயே ஆவியாகி அமுக்கத்தை ஏற்றிவிடும், இந்த அடுப்பு அதற்குச் செய்யப்பட்டதல்ல. ஸ்பிரிட்டுக்கு இங்கு "பிரென்ஸ்பிரிற்றுஸ்" என்று பெயர். வீட்டுக்குள் எரிக்க வேண்டாம், காபன்மொனொக்சைட் வாயுவுக்கு மணமில்லை. எண்ணெய் முடிந்தால் அடுப்பு கையால் தொடுமளவு ஆறும்வரை மூடியைத் திறந்து மறுபடி நிரப்பாதீர்கள்.